மிக்சி: பயன்படுத்தும் முறை (தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பதிப்பு)

மொழிபெயர்த்தவர் குறிப்பு

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் வீடுகளில் தமிழ் வாசிக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. படத்தின் எண்ணும் படியின் எண்ணும் ஒன்றே. ஆங்கில மூலத்தில் 4ஆம் படி இரண்டு வேலைகளை ஒரே வாக்கியத்தில் சொன்னது. பிரித்து 4அ, 4ஆ என்று எழுதியிருக்கிறேன். 4, 5 என்று எண் கொடுத்திருந்தால், மிக்சியை ஓடவிடும் படிக்கு ஜாரைத் தூக்கும் படம் வந்து சேர்ந்திருக்கும். எச்சரிக்கைகள் மூலத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தன. கை வைப்பதற்கு முன்பே கண்ணில் படட்டும் என்று அந்தந்தப் படிக்கு மேலே கொண்டுவந்தேன்.

ஆபத்து என்றால் உயிருக்கு. எச்சரிக்கை என்றால் கைக்கும் கண்ணுக்கும். கவனம் என்றால் மிக்சிக்கு.

மின்சாரம்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட்.

ஆபத்து! ஈரக்கையால் பிளக்கைத் தொடாதீர்கள். அடிப்பாகத்தைத் தண்ணீரில் முக்காதீர்கள். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள்.

1. மிக்சியைச் சமதளமான, ஈரமில்லாத மேடையில் வையுங்கள். திருகு 0-இல் இருக்கட்டும். அதன் பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

2. ஜாரை அடிப்பாகத்தில் பொருத்தி, "டக்" என்ற சத்தம் கேட்கும்வரை வலப்பக்கம் திருப்புங்கள்.

எச்சரிக்கை! கொதிக்கக் கொதிக்க எதையும் போடாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும்.

3. தேங்காய், மிளகாய், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஜாரில் உள்ள கோட்டைத் தாண்டக் கூடாது. ரசத்துக்கு வேகவைத்த தக்காளி என்றால் நன்றாக ஆறவிட்டு, பாதி ஜார் மட்டும்.

எச்சரிக்கை! மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். ஓடும்போது கரண்டியோ விரலோ உள்ளே போகக் கூடாது.

4அ. மூடியை அழுத்தி மூடி, ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

4ஆ. மறு கையால் திருகை 1-க்குத் திருப்புங்கள். சற்றுப் பொறுத்து 2. ஒரு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு.

எச்சரிக்கை! லோட்ஷெட்டிங்கில் மின்சாரம் போனால் உடனே திருகை 0-க்குக் கொண்டுவந்து, சுவர் சுவிட்சையும் அணையுங்கள். அப்படியே விட்டால் மின்சாரம் திரும்பும்போது மிக்சி தானாக ஓடும். அப்போது ஜாருக்குள் உங்கள் கை இருக்கலாம்.

5. திருகு 0, சுவர் சுவிட்ச் அணைப்பு, பிளேடு முழுதாக நிற்கும்வரை காத்திருப்பு. இந்த மூன்றுக்கும் பிறகே ஜாரை இடப்பக்கம் திருப்பித் தூக்குங்கள்.

கவனம்! ஓடும்போதே மோட்டார் நின்றுவிட்டால் பளு கூடிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, பாதி மாவை எடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

எச்சரிக்கை! பிளேடு கூர்மையானது. நுரைத் தண்ணீரில் மூழ்கவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

6. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஜாரைக் குழாய்த் தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அடிப்பாகத்தைப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.