‘ஓர் அங்குல மழை’ உரைக்கான மதிப்பீடு

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மாலை அஸ்தம்பட்டியில் நடந்த நம் மன்றக் கூட்டத்தில் நீங்கள் ஆற்றிய உரையைப் பற்றி மேடையில் மூன்று நிமிடம் பேசினேன். அங்கே சொல்ல நேரமில்லாமற்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன்.

உங்கள் உரையில் என்னை முதலில் கவர்ந்தது பொருளின் மீது உங்களுக்கு இருக்கும் பிடிப்பு. ஏற்காட்டுக் காப்பியைப் பற்றிச் சேலத்தில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசிவிடலாம். ஆனால் மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூ மழைக்குப் பிறகு ஏறக்குறைய பத்து நாளில் செடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல் மணப்பதையும், மழை போதாமற்போனால் மொட்டு சரியாக விரியாமல் வீணாவதையும், அந்த இழப்பு ஆண்டிறுதியில் பழம் பறிக்கும்போது கூடையில் தெரிவதையும் தோட்டத்தில் வளர்ந்த ஒருவரால்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும். ‘பீபெரி’ என்ற சொல்லை நீங்கள் விளக்கிய விதமும் அருமை. கைப்பையிலிருந்து இரண்டு காப்பிப் பழங்களை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி இரட்டைக் கொட்டையையும், மற்றொன்றைப் பிதுக்கி உருண்டையான ஒற்றைக் கொட்டையையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். அதுவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இரண்டாம் வரிசைக்காரர்கள் அப்போது முன்னால் குனிந்ததை நான் குறித்துக்கொண்டேன். பழத்தைப் பிதுக்கிய அந்தச் சில நொடிகள் நீங்கள் எதுவும் பேசாமல் இருந்தது இன்னும் சிறப்பு. நம்மில் பலருக்கு அந்த இடத்தில் வாய் சும்மா இருக்காது.

குரலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘வந்து’ என்ற சொல் நான்கு முறை வந்ததாக நண்பர் எண்ணிச் சொன்னார். ஏழு நிமிட உரையில் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

நான் கேட்டுக்கொள்ளும் மாற்றம் ஒன்றே ஒன்று: உங்கள் தந்தையார் மழைமானியைப் பார்க்கும் காட்சியை உரையின் தொடக்கத்திற்குக் கொண்டுவாருங்கள்.

இப்போதைய அமைப்பில், அவையோருக்கு நன்றி சொல்லி, 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த வரலாற்றைக் கூறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வருணித்து முடிப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது, அதாவது ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. இரவெல்லாம் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டபடி படுத்திருந்த தந்தையார், விடிவதற்கு முன்பே டார்ச் விளக்குடன் போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து, “முக்கால் அங்குலந்தான்” என்று சொல்லிக் காப்பியைக்கூடக் குடிக்காமல் குட்டைப் பக்கம் மோட்டார் போடப் போனதை அதன் பிறகுதான் சொன்னீர்கள். உரையின் உயிரே அந்த இடந்தான். ஆனால் அதைச் சொல்லும்போது மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் பேச்சில் வேகம் கூடிவிட்டது. ‘முக்கால் அங்குலந்தான்’ என்ற சொல் விழுந்தபோது, ஓர் அங்குலத்திற்கும் முக்கால் அங்குலத்திற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் நிற்கிறது என்பதை அவை உணர்வதற்குள் நீங்கள் அடுத்த வாக்கியத்திற்குப் போய்விட்டீர்கள்.

அந்தக் காட்சியை முதலில் வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் உங்கள் வரிகளை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நிதானமாகப் படித்தும் ஐம்பது நொடிதான் ஆயிற்று. கால் அங்குலம் குறைந்ததற்கு ஒரு மனிதர் ஏன் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போகிறார் என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் விழுந்துவிடுகிறது. பூ மழை பற்றி நீங்கள் தரும் விளக்கம் அந்தக் கேள்விக்கு விடையாக வந்து சேர்கிறது. இப்போது அது பாடம் போல நிற்கிறது. காக்பர்னின் வரலாறு இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். வளைவுகளின் வருணனையை விட்டுவிடலாம். வாரந்தோறும் அதில் பேருந்தில் இறங்கி வரும் உங்களுக்கு அதில் பற்று இருப்பது புரிகிறது, ஆனாலும் நம் அவையில் அந்தச் சாலையை அறியாதவர் யாருமில்லை. அப்படி மிச்சமாகும் நேரத்தில், மோட்டார் போட்டுத் தண்ணீர் தெளித்த பாத்தியில் மட்டும் அந்த ஆண்டு பூ பிடித்ததை அவசரமின்றிச் சொல்லி, சிவப்பு விளக்குக்கு முன்பே முடிக்கலாம்.

பழங்களைக் காட்டும் இடத்தை மட்டும் நகர்த்தாதீர்கள். அது இருக்கும் இடத்திலேயே சரியாக இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதே உரையை மறுபடி பேச ஒரு வாய்ப்புத் தருமாறு தலைவரிடம் கேட்டிருக்கிறேன், அவர் இசைந்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மதிப்பீட்டாளர்