காலையில் குழுவில் தவறுதலாக வந்த பட்டியலை உடனே அழித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று காலை 9.40-க்கு நான் இந்தக் குழுவில் போட்ட Members_Emergency.xlsx என்ற கோப்பு இங்கே வந்திருக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத்தான் அனுப்ப நினைத்தேன். இரண்டும் ஒரே ஃபோல்டரில் அடுத்தடுத்து இருந்தன. பார்க்காமல் மேலே இருந்ததைத் தொட்டுவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

10.05-க்குக் கவனித்து, எல்லோருக்குமாக நீக்கிவிட்டேன். அதற்கு முன்பே 31 பேர் பார்த்துவிட்டதாகக் காட்டியது. நான் நீக்கினாலும், உங்கள் போனில் ஏற்கெனவே இறங்கிய நகல் அப்படியே இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பைத் திறக்காதவர்கள் தயவுசெய்து இனியும் திறக்க வேண்டாம். அவசரத்துக்கு உதவட்டும் என்று 24 வீட்டார் நம்பிக் கொடுத்த விவரங்கள் அதில் இருக்கின்றன. என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வரை உண்டு. வெளியே போனால் வெறும் சங்கடத்தோடு முடியாது, அவர்களுடைய பாதுகாப்பே கேள்விக்குறியாகிவிடும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால், ஃபைல் மேனேஜரில் WhatsApp Documents என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கோப்பு இருந்தால் அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். ஐபோனில் நீங்களாகச் சேமித்திருந்தால் Files செயலியில் இருக்கும். கணினியில் வாட்ஸப் வைத்திருப்பவர்கள் Downloads ஃபோல்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பலரும் மறப்பது அதைத்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதுவும் வேண்டாம்.

யாருக்கும் அனுப்ப வேண்டாம், வீட்டில் உள்ளவர்களுக்கும்கூட. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். யார் மேலும் கோபமில்லை. கோப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் சம்பந்தப்பட்டவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியும். அப்புறம், அதில் என்ன பார்த்தீர்கள் என்று இங்கே பேச வேண்டாம். அந்த வீட்டார் பலரும் இதே குழுவில் இருக்கிறார்கள்.

அழித்தவர்கள் "அழித்தாயிற்று" என்று எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள். இன்று இரவு 8 மணி வரை பார்த்துவிட்டு, பதில் வராதவர்களை நானே அழைக்கிறேன்.

24 வீட்டாரிடமும் ஒவ்வொருவராகப் பேசி வருகிறேன். மூன்றாவதாக அழைத்த அம்மா, "சாவி விஷயம் யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே தம்பி" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. சாவியை வேறு இடத்துக்கு மாற்ற விரும்புகிறவர்களுக்கு இன்றே கூட வந்து உதவுகிறேன். சாவி விவரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், இனி அது எந்தக் கோப்பிலும் இருக்காது.

நிகழ்ச்சி நிரலை நாளை காலை அனுப்புகிறேன்.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்