மிகை உணவூட்டம்: மாதிரி விடை

வினா 34: வயலில் இட்ட உரம் ஏரி மீன்களின் இறப்புக்கு எவ்வாறு காரணமாகிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக. (5 மதிப்பெண்கள்)

விடை:

பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டு ஏரியில் சேர்கின்றன. இவ்வாறு ஊட்டச்சத்து அளவுக்கு மீறிச் சேர்வதே மிகை உணவூட்டம். நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் பாஸ்பரஸே பாசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது. அது கூடினால் பாசி பெருகி நீர்ப்பரப்பை மூடும். அடியில் உள்ள தாவரங்கள் ஒளியின்றி மடியும்.

உயிருள்ள பாசி பகலில் ஆக்ஸிஜனை வெளியிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. பாசி மடிந்து அடியில் படிந்த பிறகே பேரிழப்பு தொடங்குகிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பல மடங்கு பெருகி, நீரில் கரைந்த ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அதாவது உயிர்வேதியியல் ஆக்ஸிஜன் தேவை உயர்கிறது. கோடையில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்நீரும் அடுக்குகளாகப் பிரிந்து நிற்பதால், அடிநீருக்குப் புதிய ஆக்ஸிஜன் இறங்காது. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசம் மட்டுமே நடக்கும். ஆகவே ஆக்ஸிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன். மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்து, மூச்சுத்திணறிச் சாகின்றன. ஆக்ஸிஜனற்ற சேற்றிலிருந்து பழைய பாஸ்பரஸ் மீண்டும் கரைவதால், உர வரத்தை நிறுத்தினாலும் ஏரி உடனே தேறுவதில்லை.

எடுத்துக்காட்டு: வட அமெரிக்காவின் ஈரி ஏரி. மௌமி ஆறு கொண்டுவரும் வேளாண் பாஸ்பரஸால் அதன் மேற்குப் பகுதியில் நீலப்பச்சைப் பாசி பெருகுகிறது. 2014 ஆகஸ்டில் அதன் மைக்ரோசிஸ்டின் நஞ்சு குடிநீரில் கலந்ததால், டொலிடோ நகரில் குழாய்நீரைக் குடிக்கத் தடை விதிக்கப்பட்டது.