மண்டபம் கடையில் இன்ஜின் ஆயில்: எத்தனை பக்கெட், எந்த நாளில்?

சப்ளை செயின் பாடத்துக்கான களப்பணி அறிக்கை

எங்கள் குழுவில் ஒருவருடைய மாமா ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் படகுச் சாமான் கடை வைத்திருக்கிறார். வலை, கயிறு, மிதவை, பெயின்ட், உதிரிபாகங்கள் என்று பல பொருள் இருந்தாலும், அவருடைய பணத்தை அதிகம் முடக்குவது விசைப்படகுகளுக்கான 20 லிட்டர் இன்ஜின் ஆயில் பக்கெட்தான். ஒன்றின் கொள்முதல் விலை 4,800 ரூபாய். ஒரே தடவையில் 120 எடுத்து அடுக்கிவிடுவது அவர் வழக்கம். அப்படியிருந்தும் போன நவம்பரில் மூன்று நாள் கடையில் ஒரு பக்கெட்கூட இல்லை. காற்று எச்சரிக்கை விலகி, கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்க ஆரம்பித்த அதே வாரம் அது. 120 வாங்குகிறவருக்கு எப்படித் தட்டுப்பாடு வரும்? இந்தக் கேள்வியில்தான் வேலையைத் தொடங்கினோம். எவ்வளவு வாங்குவது என்பதும், எப்போது வாங்குவது என்பதும் வேறு வேறு முடிவுகள். மாமா முதலாவதை மட்டும் யோசித்திருந்தார்.

தரவு

2024 ஜூன் 15 முதல் 2025 ஏப்ரல் 14 வரை பில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினோம். 304 நாளில் 912 பக்கெட், அதாவது நாளுக்கு 3. மீதி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். தடை முடியும் முன் படகைத் தயார் செய்ய வாங்கிய 38 பக்கெட்டை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்தோம்.

ஆர்டர் செலவு: ராமநாதபுரம் லாரி ஆபீசிலிருந்து மண்டபத்துக்கு லோடு ஆட்டோ வாடகை 850, ஏற்றி இறக்கும் கூலி 250, போன், வங்கிச் செலவு 100. ஆக 1,200 ரூபாய். ஆட்டோவில் பத்து பக்கெட் வந்தாலும் ஐம்பது வந்தாலும் இது மாறாது.

வைத்திருக்கும் செலவைக் கேட்டதும் மாமா, “கடையில கிடக்கிற சரக்குக்கு என்ன செலவு?” என்றார். ஆனால் அவர் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குப் பணம் வாங்கித்தான் சரக்கு எடுக்கிறார். வருடத்துக்கு 18 சதவீதம் என்றால் பக்கெட்டுக்கு 864 ரூபாய். குடோன் வாடகைப் பங்கு, உப்புக்காற்றில் அரிக்கும் கைப்பிடி, நசுங்கல் எல்லாம் சேர்த்து 96. மொத்தம் 960. இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எவ்வளவு?

1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் வெளியிட்ட அடிப்படைச் சூத்திரம் இது. Q ஒரு ஆர்டரில் வாங்க வேண்டிய பக்கெட் எண்ணிக்கை, D விற்பனை, S ஒரு ஆர்டரின் செலவு, H ஒரு பக்கெட்டை வைத்திருக்கும் செலவு:

```
Q = √(2 × D × S / H)
```

முதலில் 912, 1,200, 960 என்று போட்டோம். விடை 47.7, அதாவது 48. பார்க்க அழகாக இருந்தாலும் தவறான விடை. 912 என்பது 304 நாள் விற்பனை, 960 என்பது 365 நாள் செலவு. எங்கள் ஆசிரியைதான் இதைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் ஒரே காலத்துக்கு இருக்க வேண்டும். 960 × 304 ÷ 365 என்றால் சுமார் 800.

```
Q = √(2 × 912 × 1200 / 800) = √2736 ≈ 52
```

லோடு ஆட்டோவில் பத்திரமாக ஏறுவது 50. அதனால் 50 என்று வைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தோம். ஆர்டர் செலவு 21,888. சராசரி இருப்பு 25 என்பதால் வைத்திருக்கும் செலவு 20,000. மொத்தம் 41,888 ரூபாய். 52-க்கு 41,846. ஒரு சீசன் முழுக்க வித்தியாசம் 42 ரூபாய்தான். அடிப்பகுதியில் செலவுக் கோடு அவ்வளவு தட்டையாக இருக்கிறது. அதனால் 50-ஐ மனநிறைவோடு பரிந்துரைக்கிறோம். ஆனால் 120-க்குப் போனால், அதற்கும் ஆட்டோ ஒரே நடைதான் என்று வைத்தாலும்கூட, ஆர்டர் செலவு 9,120, வைத்திருக்கும் செலவு 48,000, மொத்தம் 57,120. சீசனுக்குக் குறைந்தது 15,232 ரூபாய் கூடுதல்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இப்போது மதுரை மொத்த வியாபாரி 50-க்கும் 120-க்கும் ஒரே விலைதான் போடுகிறார். அதே ஒரு நடைக் கணக்கில், 120 எடுத்தால் பக்கெட்டுக்கு 17 ரூபாய்க்கு மேல் தள்ளுபடி என்று அவர் சொன்னால், மாமாவின் பழைய வழக்கமே லாபம் (15,232 ÷ 912 = 16.70). ஆர்டர் போடும்போதெல்லாம் இதைக் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

எப்போது?

போன் செய்த நாளிலிருந்து சரக்கு வர சராசரி 4 நாள். அந்தச் சராசரியிலிருந்து வழக்கமாக முன்பின் ஆகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 1 நாள். தினசரி விற்பனையின் திட்ட விலக்கம் 2 பக்கெட். நூறு ஆர்டரில் 95-இல் தட்டுப்பாடு வரக்கூடாது என்று எடுத்துக்கொண்டோம். சரக்கு தாமதமானாலும் விற்பனை கூடினாலும் சமாளிக்கக் கூடுதலாக வைப்பது பாதுகாப்பு இருப்பு; கையிருப்பு எந்த எண்ணுக்கு இறங்கியதும் போன் செய்ய வேண்டுமோ அது மறு ஆர்டர் புள்ளி:

```
பாதுகாப்பு இருப்பு = 1.645 × √(4×2² + 3²×1²) = 1.645 × 5 ≈ 8.2, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 9
மறு ஆர்டர் புள்ளி = 3×4 + 9 = 21
```

எக்செலில் 1.645-ஐ `=NORM.S.INV(0.95)` கொடுக்கும். இந்த 95 என்பது நாட்களின் கணக்கு அல்ல, ஆர்டர்களின் கணக்கு. சீசனுக்குச் சுமார் 18 ஆர்டர் என்பதால், ஏறக்குறைய ஒரு தடவை கை இருப்பு தீர்ந்துபோக வாய்ப்பு இருக்கிறது. மாமாவிடம் இதை மறைக்காமல் சொன்னோம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சரக்கு வர 6 நாள், விலக்கம் 2 நாள். பாதுகாப்பு இருப்பு 13, மறு ஆர்டர் புள்ளி 31. போன நவம்பர் தட்டுப்பாட்டுக்கான விடை இங்கேதான். அப்போது 8 பக்கெட் இருக்கும்போதுதான் ஆர்டர் போட்டிருக்கிறார். 120 வாங்கினாலும் 500 வாங்கினாலும், 8-இல் போன் செய்தால் தீரத்தான் செய்யும்.

இந்தச் சூத்திரத்தை நாங்கள் முழுவதும் நம்பவில்லை. ஒவ்வொரு நாள் விற்பனையும் அடுத்த நாளைச் சாராது என்று அது வைத்துக்கொள்கிறது. இங்கே அப்படி இல்லை. விசைப்படகுகள் வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போகும், அதற்கு முந்தின நாள் கடையில் கூட்டம். மீனவர்கள் கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் என்றால் விற்பனை பூஜ்யம், அது முடிந்ததும் எல்லோரும் ஒரே நாளில் வருவார்கள். தீர்ந்துபோன அந்த மூன்று நாளில் திரும்பிப்போனவர்களும் பில் புத்தகத்தில் இல்லை, அதனால் உண்மையான தேவை 912-ஐவிடக் கூடுதல். மழைக்கால 31-ஐக் குறைந்தபட்ச எண்ணாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரலில் 50, 21 என்ற இரண்டு எண்ணையுமே கைவிட வேண்டும். தடைக்காலத்தில் சும்மா நிற்கும் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் 61 நாளைக்குச் சுமார் 160 ரூபாய் போகும், 50 தங்கினால் 8,000. ஏப்ரல் 1 முதல், மீதி நாட்களை 3-ஆல் பெருக்கி, கையிருப்பைக் கழித்து, அவ்வளவு மட்டும் வாங்கினால் போதும். அப்புறம் ஜூன் முதல் வாரத்தில், தயார் செய்யும் 38-க்கும் திறப்பு வாரத்துக்குமாகச் சேர்த்து ஒரே ஆர்டர்.

குடோனில் பக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி, 21-ஆவதில் சிவப்பு டேப்பும் 31-ஆவதில் மஞ்சள் டேப்பும் ஒட்டிவிட்டோம். அறிக்கையை எழுதி முடிக்கும் இன்று இருப்பு 23. நாளை படகுகள் கடலுக்குப் போகும் நாள், ஒரே ஓனர் நான்கு பக்கெட் கேட்டாலும் 19 ஆகிவிடும். அதனால் சிவப்பு டேப் வரும்வரை காத்திருக்காமல் இன்று மாலையே 50-க்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறோம்.