அப்பா, அம்மா வைத்தியச் செலவு: ஒரு யோசனை

அண்ணே, அக்கா, தம்பி,

போனில் பேசினால் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் அம்பைக்குப் போயிருந்தபோது ஃப்ரிட்ஜில் இன்சுலின் தீர்ந்து கிடந்தது. ரெண்டு நாளாக அம்மா ராத்திரி ஊசி போடவில்லை. கேட்டால், "மாசக் கடைசி, அவன்ட்ட எப்படிக் கேக்கது?" என்கிறாள். தம்பி பக்கத்திலேயே இருப்பதால் அவசரத்துக்கெல்லாம் அவன் கையில் இருந்துதான் போகிறது. இது இனி நடக்கக் கூடாது.

பில்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அப்பா மாத்திரை 5,200, வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பவருக்கு 3,600, அம்மாவுக்கு இன்சுலினும் பிரஷர் மாத்திரையும் 3,400, பாளையங்கோட்டைக்குக் கார் வாடகையும் டெஸ்ட்டும் 2,300, பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் வேலைக்கார அம்மாளுக்கு 4,500. ஆக மாதம் 19,000.

நாலாகப் பிரித்தால் தலைக்கு 4,750. அண்ணன் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட பதினேழில் ஒரு பங்கு. தம்பிக்கோ கடையில் வருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இது சமம் என்று எனக்குப் படவில்லை. கையில் வருவதை வைத்துப் பிரிப்போம். அண்ணன் 80,000, அக்கா 50,000, நான் 38,000, தம்பி 22,000. மொத்தம் 1,90,000. அப்படியானால் எல்லாருக்கும் ரூபாய்க்குப் பத்து பைசா. அண்ணன் 8,000, அக்கா 5,000, நான் 3,800, தம்பி 2,200.

அண்ணே, உங்களுக்கு வீட்டு லோன் இருப்பது தெரியும். எனக்கு நகைக் கடன், அக்காவுக்குப் பிள்ளை காலேஜ் பீஸ். அதையெல்லாம் கழிக்க ஆரம்பித்தால் கணக்கே நிற்காது. அதனால் யாருக்கும் கழிக்க வேண்டாம். அக்கா, உன் சம்பளம் மட்டும்தான் கணக்கு, அத்தான் வருமானம் இதில் சேராது. யாருக்காவது வேலை போனால், தொழில் படுத்தால், அந்த மாதமே பங்கை மாற்றிக்கொள்வோம்.

தம்பியும் அவன் வீட்டுக்காரியும் ராத்திரி எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்களே, அதற்கு விலை போட முடியாது. அவன் பங்கையும் நாம் மூணு பேரே ஏற்றுக்கொண்டால் எனக்கு முழு சம்மதம். ஆனால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதால் எழுதியிருக்கிறேன். தம்பி, வேண்டாம் என்று நினைத்தால் தயங்காமல் சொல்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதற்கு மேல் ஆவதை இதே விகிதத்தில் போடுவோம். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அந்த அட்டை உதவாது.

வீடு, வயல் பேச்சை இதில் கலக்க வேண்டாம். அது அப்பா சொல்கிறபடி.

மாதம் 5-ஆம் தேதிக்குள் தம்பி கணக்குக்குப் பணம் போய்விட வேண்டும், அவன் பில்லை குரூப்பில் போடட்டும். சம்பளத்தை நான் கூடக் குறையப் போட்டிருந்தால் திருத்துங்கள். ஞாயிறு சாயங்காலம் எல்லாருக்கும் சேர்த்துப் போன் போடுகிறேன்.