கருவுற்றிருப்பதைத் தெரிவித்தலும் மகப்பேறு விடுப்புக் கோரிக்கையும்

மதுரை,
02.03.2026

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் கருவுற்றிருக்கிறேன். இது எங்கள் முதல் குழந்தை. இப்போது 16 வாரம் முடிந்திருக்கிறது. 17.08.2026 வாக்கில் பிரசவம் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் தந்த சான்றிதழின் நகலை இதனுடன் இணைத்துள்ளேன்.

பரிசோதனைக்குப் பெரும்பாலும் புதன்கிழமை காலையில் போக வேண்டியிருக்கும். மதியம் இரண்டு மணிக்குள் விளக்குத்தூண் கடைக்கு வந்துவிடுவேன். மார்ச் 25 அன்று மட்டும் முழுநாள் விடுப்பு வேண்டும். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் அது, 20 வாரத்துக்குள் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் என்று தெரிந்தும் கேட்பது அதனால்தான். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் போய்வர முடியாது என்பதால், ஏப்ரல் பரிசோதனையை 22ஆம் தேதிக்கே வாங்கிவிட்டேன். மே 13 அன்று சர்க்கரைப் பரிசோதனை; குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அன்று சற்றுத் தாமதமாகலாம். மே கடைசியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 20 அன்று GSTR-3B தாக்கல் செய்துவிட்டு, மறுநாள் 21.07.2026 முதல் 18.01.2027 வரை, சட்டப்படியான 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 19.01.2027 செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்புவேன். டாக்டர் முன்னதாகவே ஓய்வெடுக்கச் சொன்னால் உடனே தெரிவிக்கிறேன். என் சம்பளம் இஎஸ்ஐ வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் இருப்பதால், விடுப்புக் காலச் சம்பளம் நிறுவனத்தின் வழியாகவே வர வேண்டும். அதற்கு என்னென்ன படிவம் தர வேண்டும் என்று சொன்னால் இந்த வாரமே கொடுத்துவிடுகிறேன்.

தீபாவளி சீசனில் நான் இருக்க மாட்டேன் என்பதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. சூரத் பார்ட்டிகளின் பில்லும் திரும்பி வரும் சரக்கும் சேர்ந்து குவியும் நேரம் அது. பில்லிங் பிரிவில் ஒருவரை நீங்கள் இப்போதே சொல்லிவிட்டால், ஏப்ரல் முதல் டேலி பதிவுகளையும் ஜிஎஸ்டி வேலையையும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்கிறேன். ஜூன், ஜூலை தாக்கல்களை அவரே செய்யட்டும், நான் சரிபார்க்கிறேன். ஜிஎஸ்டி ஓடிபி இப்போது என் கைபேசிக்குத்தான் வருகிறது. ஜூலைக்குள் அதை உங்கள் எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அப்புறம், எந்தப் பார்ட்டிக்கு எத்தனை நாள் கடன், யாரிடம் எப்போது கேட்டால் பணம் வரும் என்பதெல்லாம் டேலியில் இல்லை. அதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஸ்டாக் எண்ணுவதற்கு இரண்டாம் மாடி குடோனுக்கு ஏறுவதை இந்த மாதம் முதல் வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டும். எண்ணிய தாளைக் கீழே அனுப்பினால் நான் பதிந்துவிடுகிறேன்.

கடையில் உள்ளவர்களிடம் ஸ்கேன் முடிந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை இது உங்களுக்கும் முதலாளி ஐயாவுக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.

விடுப்புத் தேதிகளுக்கான ஒப்புதலை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சு. கவிதா
கணக்குப் பிரிவு

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ் நகல்