வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்துவிட்டன: நீங்கள் செய்ய வேண்டியவை

வணக்கம்.

எங்கள் ஆன்லைன் கடையில் நீங்கள் கொடுத்திருந்த விவரங்கள் வெளியார் கைக்குப் போய்விட்டன. மார்ச் 14 வரை எங்களிடம் கணக்கு தொடங்கியவர்கள், கணக்கு இல்லாமலே ஆர்டர் செய்தவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். சுமார் 6,400 பேர். அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முதலாக வந்தவர்களின் விவரங்கள் இதில் இல்லை.

இந்த அறிவிப்பில் எந்த லிங்க்கும் கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. இதே விஷயத்தைச் சொல்லி, "இங்கே அழுத்தி உங்கள் கணக்கைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மெயிலோ மெசேஜோ வந்தால் அது எங்களுடையது அல்ல. எங்கள் தளத்துக்கு வர வேண்டுமென்றால் முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து வாருங்கள்.

முழுவதும் படிக்க இப்போது நேரமில்லையா? இரண்டு காரியங்களை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். எங்கள் கடைக்கு வைத்திருந்த பாஸ்வேர்டையே வேறு எங்காவது வைத்திருந்தால், அங்கெல்லாம் மாற்றுங்கள். முதலில் உங்கள் மெயில் கணக்கில். அடுத்தது, ஆர்டர் செய்யும்போது டெலிவரி குறிப்பில் கேட் நம்பர் பூட்டின் எண்ணையோ சாவி வைக்கும் இடத்தையோ எழுதியிருந்தால், எண்ணை மாற்றுங்கள், சாவியை இடம் மாற்றுங்கள்.

என்ன நடந்தது

தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை மார்ச் மாதம் நடந்தது. அப்போது எடுத்த டேட்டாபேஸ் பேக்கப் ஒன்று, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கிளவுட் சேமிப்பிடத்தில் இருந்துவிட்டது. வேலை முடிந்ததும் அதை நாங்கள் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. வெளியிலிருந்து யாரோ அதைத் தரவிறக்கியிருப்பது பதிவேட்டில் தெளிவாகத் தெரிகிறது. யார் என்று தெரியவில்லை.

இது எங்களுக்குத் தெரியவந்ததே ஒரு வாடிக்கையாளரால்தான். ஏப்ரல் 9 அன்று, தனக்கு வந்த மெசேஜ் ஒன்றை அவர் எங்களுக்கு அனுப்பி, "இது நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்டார். அதில் இப்படி இருந்தது:

"வணக்கம். பிப்ரவரி 22 அன்று நீங்கள் ஆர்டர் செய்த கோடு போடாத நோட்டு 2, நீல மை பாட்டில் 1 அடங்கிய பார்சல், முகவரியைச் சரிபார்க்க முடியாததால் கிடங்கில் நிற்கிறது. மறு டெலிவரிக் கட்டணத்தை இன்று மாலைக்குள் கீழே உள்ள லிங்க்கில் செலுத்தவும்."

பொருள், எண்ணிக்கை, தேதி எல்லாமே சரி. பார்சல் எப்போதோ கைக்கு வந்துவிட்டதால் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அவர் கேட்டிருக்காவிட்டால் எங்களுக்கு இன்னும் தாமதமாகத்தான் தெரிந்திருக்கும். அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அன்றே அந்தக் கோப்பை அழித்து, சேமிப்பிடத்தை மூடினோம். எல்லாருடைய பாஸ்வேர்டையும் செல்லாததாக்கி, எல்லாக் கணக்குகளையும் லாக்அவுட் செய்துவிட்டோம். அடுத்த முறை வரும்போது புதிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்கும். காவல்துறையிலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வெளியே போன பிரதியைத் திரும்ப வாங்கவோ அழிக்கவோ எங்களால் முடியாது.

எந்தெந்த விவரங்கள்

பெயர், மெயில் முகவரி, போன் நம்பர், டெலிவரி முகவரி, இதுவரை வாங்கிய பொருள்களின் பட்டியல், டெலிவரி குறிப்புகள், பரிசுப் பார்சலோடு வைக்கச் சொல்லி எழுதிய வாழ்த்து வரிகள், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், உருமாற்றிச் சேமித்த பாஸ்வேர்டு.

முழு கார்டு நம்பரும், அதன் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணும் இதில் இல்லை. பணம் கட்டும் பக்கம் பேமென்ட் நிறுவனத்துடையது. நீங்கள் அங்கே டைப் செய்தது எங்கள் சர்வருக்கு வருவதே இல்லை. அதனால் கார்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த நான்கு இலக்கங்களை வைத்துப் பேசலாம். "உங்கள் கார்டு 4417-ல் முடிகிறது, சரிதானே? பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அந்த நான்கு எண் தெரிந்தவரெல்லாம் பேங்க்காரர் இல்லை. போனை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

பாஸ்வேர்டு விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை.

உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதிவைப்பதில்லை. அதை ஒரு கணிதச் சூத்திரத்தின் வழியே உருமாற்றி, வரும் விடையை மட்டும்தான் வைத்திருக்கிறோம். விடையிலிருந்து பின்னோக்கிப் போய் பாஸ்வேர்டை எடுக்க முடியாது. திருடுபவர் செய்வது வேறு: வழக்கமான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக அதே சூத்திரத்தில் போட்டு, எந்த விடை பொருந்துகிறது என்று பார்ப்பார். அதனால் ஒரு முறை போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது bcrypt. இது வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்யப்பட்டது. எங்கள் அமைப்பில் ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்க உள்ளே 4,096 சுற்றுகள் ஓட வேண்டும். ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் தனித்தனியாக ஒரு எழுத்துக் கலவை சேர்வதால், ஒருவருடையதைக் கண்டுபிடிக்கச் செய்த வேலை இன்னொருவருக்கு உதவாது. நீளமான, ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வைத்திருந்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். 123456, பிறந்த தேதி, பிள்ளையின் பெயர் என்று வைத்திருந்தால் bcrypt-ம் காப்பாற்றாது.

ஆனால் 2019 ஜூன் மாதத்துக்கு முன் கணக்கு தொடங்கி, அதற்குப் பிறகு ஒருமுறைகூட லாகின் செய்யாதவர்களின் பாஸ்வேர்டு பழைய MD5 முறையில்தான் இருந்தது. MD5 மிக வேகமானது. சாதாரண கேமிங் கம்ப்யூட்டரே அதில் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துவிடும். நீங்கள் இந்தப் பிரிவில் இருந்தால் உங்கள் பழைய பாஸ்வேர்டு தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்குத் தனியாகவும் மெயில் அனுப்பியிருக்கிறோம். எங்கள் கடையையே மறந்துபோயிருப்பீர்கள். ஆனால் அதே பாஸ்வேர்டு வேறு ஏதாவது கணக்கில் இன்றும் இருக்கலாம்.

மெயிலும் பாஸ்வேர்டும் சேர்ந்த பட்டியல் கிடைத்தால், அதை மற்ற தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதனால்தான் மெயில் கணக்கை முதலில் மாற்றச் சொல்கிறோம். மெயிலுக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பதை அழுத்தியே மற்ற கணக்குகளையும் எடுத்துக்கொள்வார். மெயிலை மாற்றியதும் பேங்க், பணம் அனுப்பும் ஆப், அப்புறம் சமூக ஊடகம். கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டுவது மாற்றம் ஆகாது. முற்றிலும் புதியதாக, ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறாக வையுங்கள். நினைவில் வைக்க முடியாது என்றால் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வீட்டில் பத்திரமான இடத்தில் ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். மெயிலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

டெலிவரி குறிப்புகளும் முகவரியும்

கசிந்ததை நாங்கள் படித்துப் பார்த்தபோது எங்களை மிகவும் கலங்கவைத்தது இதுதான். "பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்", "பாட்டி மட்டும்தான் இருப்பார், காது கேட்காது, பலமாகத் தட்டவும்", "கேட் எண் இது, உள்ளே வந்து வைத்துவிடுங்கள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பார்சல் வந்து சேர்ந்த பிறகு இவற்றை வைத்திருக்க எங்களுக்கு ஒரு தேவையும் இல்லை. இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டோம். இனி டெலிவரி முடிந்த மறுநாளே தானாக அழிந்துவிடும். என்ன எழுதினோம் என்று நினைவில்லாதவர்கள் கேளுங்கள். கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதிசெய்துகொண்டு, அழிக்கும் முன் எடுத்துவைத்த பட்டியலிலிருந்து சொல்கிறோம். மே 31 அன்று அந்தப் பட்டியலும் அழிக்கப்படும்.

ஒருவரிடமிருந்து விலகி, முகவரி தெரியாமல் இருக்க வேண்டும் என்று இடம் மாறியவர்கள் உங்களில் இருக்கலாம். உங்கள் முகவரி இதில் இருக்கிறது. உங்களுக்குத் துணையாக இருக்கும் அமைப்பிடமோ வழக்கறிஞரிடமோ காவல்துறையிடமோ இன்றே சொல்லிவிடுங்கள். கசிவு நடந்தது என்று எழுத்துபூர்வமான சான்று வேண்டுமென்றால் உடனே தருகிறோம், காரணம் கேட்க மாட்டோம்.

வேறு ஒருவருக்குப் பரிசு அனுப்பியிருந்தால், அவருடைய பெயர், முகவரி, போன் நம்பரும் போயிருக்கின்றன. அவர்களுக்கு எங்களைத் தெரியாது. நாங்கள் திடீரென்று கூப்பிட்டால் மோசடி என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைப்பதும் நியாயம். தயவுசெய்து நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி வரக்கூடிய மெசேஜ்கள்

மேலே காட்டிய மாதிரி மெசேஜ்கள் இன்னும் பல மாதங்களுக்கு வரலாம். "கசிவுக்கு நஷ்டஈடு தருகிறோம், பேங்க் விவரம் கொடுங்கள்" என்றும் வரும். நாங்கள் போன் செய்து பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு நம்பர் எதையும் கேட்க மாட்டோம். ஆர்டர் முடிந்த பிறகு கூடுதல் கட்டணம் கேட்டு மெசேஜ் அனுப்பவும் மாட்டோம். வீட்டில் வயதானவர்கள் உங்கள் போனை எடுப்பார்கள் என்றால் அவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா, ஓடிபி சொல்லிவிட்டீர்களா? வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் ஆர்டர் விவரத்தையே வைத்துக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார்கள். உடனே பேங்குக்குப் போன் செய்து கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணத்தைத் தடுக்க முடியுமா என்பது எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, காவல்துறையில் புகார் கொடுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள்.

போன் நம்பரையோ மெயில் முகவரியையோ மாற்ற வேண்டியதில்லை. கணக்கை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுவோம். ஆனால் ஏற்கெனவே போனது அதனால் திரும்பாது.

எங்களைப் பிடிக்க, தளத்தின் "தொடர்புக்கு" பக்கத்தில் உள்ள எண்ணையும் மெயிலையும் பயன்படுத்துங்கள். இந்த மாதம் முழுக்க ஞாயிறு உட்பட காலை 8 முதல் இரவு 9 வரை போனை எடுப்போம். பேசுவது கடையை நடத்தும் நாங்கள் இருவரும்தான். அடுத்த தகவலை ஏப்ரல் 20 அன்று தளத்தின் முகப்பிலேயே போடுகிறோம். புதிதாக எதுவும் தெரியவராவிட்டால், அதையும் அங்கே எழுதுவோம்.